துளை அடைபடாத எழுத்து: நியூஸ்பிரிண்டில் சிறிய தமிழ் எழுத்துக்கு அளவும் தடிமனும்

ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ உள்ள ஒரு கோயில் நிர்வாகம், திருவிழாவை ஒட்டி எட்டுப் பக்கச் செய்திமடல் ஒன்றைப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாப்ளாய்ட் அளவு, 45 கிராம் நியூஸ்பிரிண்ட், ஆஃப்செட் அச்சு. தலைவரின் வாழ்த்து, நிகழ்ச்சி நிரல், தல வரலாறு, உபயதாரர் பட்டியல், விளம்பரம் இரண்டு பக்கம். பக்கம் அமைப்பவர் கணினித் திரையில் 8 பாயிண்டில் எழுத்தை வைத்துப் பார்க்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாள் சாம்பல் நிறம், எழுத்தோ சிறியது, வாசகர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். 'மங்கலாகத் தெரியுமே' என்ற கவலையில் எல்லாவற்றையும் போல்டாக்கி அனுப்பிவிடுகிறார். அச்சாகி வந்ததும் பக்கம் முழுக்கக் கருப்பாக இருக்கிறது. மங்கவில்லை, ஆனால் படிக்கவும் முடியவில்லை. இந்த அத்தியாயம் அந்தப் போல்ட் பொத்தானைப் பற்றியது. மலிவுத் தாளில் சிறிய தமிழ் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கோடு எவ்வளவு கருப்பாக இருக்கிறது என்பதைப் பார்க்காமல், கோடுகளுக்கு நடுவே உள்ள துளை அச்சில் எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பார்க்க வேண்டும் என்பதே இங்கே நான் வைக்கும் வாதம். தடிமன், அளவு இரண்டையும் அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது.

முதலில் தாளைப் பார்ப்போம். நியூஸ்பிரிண்ட் பெரும்பாலும் மரத்தை அரைத்த கூழிலும் பழைய தாளிலும் செய்வது. மேற்பூச்சு கிடையாது. ஆர்ட் பேப்பரில் மை மேற்பரப்பிலேயே தங்கிக் காய்கிறது. நியூஸ்பிரிண்டிலோ காய்வது என்பதே உறிஞ்சப்படுவதுதான். செய்தித்தாள் அச்சில் பயன்படும் கோல்ட்செட் முறையில் சூடேற்றி உலர்த்தும் அடுப்பு இல்லை. எண்ணெய் நாருக்குள் இறங்கிப்போகிறது, நிறமி மேலே நிற்கிறது. இறங்கும்போது மை கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் கசிகிறது. அச்சகத்தார் இதை டாட் கெயின் என்பார்கள். செய்தித்தாள் அச்சுக்கான உலகத் தரமான ISO 12647-3 இதைத் தவிர்க்க முடியாத ஒன்றாகவே எடுத்துக்கொண்டு கணக்கில் சேர்க்கிறது: 50 விழுக்காட்டுப் புள்ளி அச்சில் ஏறக்குறைய 76 விழுக்காடாகத் தெரியும் என்பது அதன் எதிர்பார்ப்பு. நூறு வரி ஸ்கிரீனில் இதைக் கோட்டின் விளிம்புக்கு மாற்றிக் கணக்கிட்டால், ஒவ்வொரு விளிம்பும் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே தள்ளப்படுகிறது. ஒரு கோட்டுக்கு விளிம்பு இரண்டு. ஆகவே கோடு 0.04 மி.மீ. தடிக்கிறது, இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் அதே 0.04 மி.மீ. சுருங்குகிறது. ஒவ்வோர் அச்சகத்திலும் இந்த எண் கொஞ்சம் மாறும். ஆனால் திட்டமிடுவதற்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சின்ன எண்ணைப் பெரிய எழுத்து பொருட்படுத்தாது. சிறிய எழுத்துக்கு, அதுவும் தமிழ் எழுத்துக்கு, இதுதான் எல்லாமே. 'வி', 'வீ' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடல் ஒன்றுதான், மேலே வளைந்து இறங்கும் கொம்பும் ஒன்றுதான். 'வீ'யின் கொம்பு முனையில் ஒரு சிறு சுழி இருக்கிறது. அந்தச் சுழிக்குள் ஒரு பொட்டு வெள்ளை இருக்கிறது. விடு என்பதையும் வீடு என்பதையும் பிரிப்பது அந்த வெள்ளைதான். கெடு என்பதையும் கேடு என்பதையும் பிரிப்பது ஒற்றைக்கொம்பு இரட்டைச்சுழிக் கொம்பாகும்போது மேலே கூடும் சுழி. 'ஒ', 'ஓ' இரண்டுக்கும் நடுவே நிற்பதும் கீழே ஒரு சுழிப்புதான். ண, ன வேறுபாட்டுக்கு ஒரு வளைவு கூடுதலாக வேண்டும். அந்த வளைவை இன்னொரு வளைவிலிருந்து பிரிக்கும் மெல்லிய வெள்ளைச் சந்து அடைபட்டால் இரண்டும் ஒரே கருந்திட்டாகிவிடும். ஆக, தமிழில் நெடில்களில் பலவும் மெய்களில் சிலவும் தம் அடையாளத்தை எழுத்தின் மிகச் சிறிய துளைகளில்தான் வைத்திருக்கின்றன. மை கசியும்போது முதலில் மூடுவதும் அந்தத் துளைகளே. எழுத்தின் பெரிய உருவம் பிழைத்துக்கொள்ளும். அதனால் புரூஃப் பார்ப்பவர் எட்டி நின்று பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் போல்டின் குற்றம் தெளிவாகும். எந்த எழுத்துருவிலும் துளையை அளக்க ஓர் எளிய வழி உண்டு. இன்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் 'கீ' என்ற எழுத்தை 1000 பாயிண்ட் அளவில் வைத்து, சுழிக்குள் உள்ள வெள்ளையின் மிகக் குறுகிய அகலத்தைப் பாயிண்டில் அளந்துகொள்ளுங்கள். அந்த எண், எழுத்தின் அளவில் ஆயிரத்தில் எத்தனை பங்கு துளை என்பதைச் சொல்லும். எடுத்துக்காட்டாக, ஒரு சாதாரண எழுத்துருவில் ரெகுலரின் துளை 75, மீடியத்தில் 65, போல்டில் 40 என்று வருவதாகக் கொள்வோம். ஒரு பாயிண்ட் என்பது 0.353 மி.மீ. ஆகவே 9 பாயிண்ட் ரெகுலரில் துளை 0.24 மி.மீ.; மை கசிந்தபின் மிஞ்சுவது 0.20. அதே 9 பாயிண்ட் போல்டில் 0.13, மிஞ்சுவது 0.09. போல்டை 12 பாயிண்டுக்கு உயர்த்தினாலும் மிஞ்சுவது 0.13தான். ரெகுலரை 7 பாயிண்டுக்குக் குறைத்தாலோ 0.145 மிஞ்சுகிறது. அதாவது துளையைப் பொறுத்தவரை 12 பாயிண்ட் போல்டைவிட 7 பாயிண்ட் ரெகுலரே மேல். 7 பாயிண்டில் போடச் சொல்லவில்லை. தடிமன் எவ்வளவு விலை கேட்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அளவைக் கூட்டி அந்த விலையை ஈடுகட்டப் பார்த்தால் பக்கங்கள்தான் தீரும்.

மிஞ்சும் துளை எவ்வளவு இருந்தால் போதும்? குறைபாடில்லாத கண் 40 செ.மீ. தூரத்திலிருந்து பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய 0.12 மி.மீ. அதுவும் நல்ல வெளிச்சத்தில், வெள்ளையில் கருப்பாக இருந்தால். நம் தாள் சாம்பல். மை கரும்பழுப்புக்கும் கருப்புக்கும் இடையில் நிற்பது. படிக்கப்போகிறவர் அன்னதானக் கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரர். ஆகவே 0.12ஐ விளிம்பாக வைக்கக் கூடாது, 0.2 மி.மீ. துளை மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொள்வதே நியாயம். மேலே சொன்ன எழுத்துருவில் இந்த விதி 9 பாயிண்ட் ரெகுலரில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மீடியம் வேண்டுமென்றால் 10 பாயிண்டுக்கு ஏற வேண்டும், அப்போதும் 0.19தான். வேறு எழுத்துருவில் எண்கள் மாறும். சுழிகளைத் தாராளமாகத் திறந்து வரைந்திருந்தால் 8.5 பாயிண்டிலேயே விதி நிறைவேறும். சுழியை அழகுக்காக இறுக்கி வரைந்திருந்தால் 10ம் போதாது. எழுத்துருவைத் தேர்வு செய்யும்போது 'அ', 'க' போன்ற பெரிய எழுத்துகளின் அழகில் மயங்காமல் கீ, கே, ணூ, ஓ ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். துளைதான் முக்கியம் என்றால் லைட் எழுத்தைப் போடலாமே, துளை இன்னும் பெரிதாகுமே? கணக்குப்படி ஆகும். ஆனால் தாள் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. லைட்டின் கோடு ஆயிரத்தில் 45 பங்கு என்றால், 9 பாயிண்டில் அது 0.14 மி.மீ. நியூஸ்பிரிண்டின் மேற்பரப்பு சமமாக இருப்பதில்லை. நார் மேடு பள்ளமாகக் கிடக்கிறது, தூசும் உண்டு. பள்ளத்தில் மை சரியாக ஒட்டாத இடத்தில் மெல்லிய கோடு அறுந்துபோகிறது. பிளேட்டை ஈரப்படுத்தும் நீர் கொஞ்சம் கூடினாலும் இதே கதிதான். அறுந்த கோடு மூடிய துளையைவிடக் குறைந்த தொல்லை இல்லை: புள்ளி காணாமல் போகும், 'ர' 'ா' ஆகத் தெரியும். சாம்பல் தாளில் மெல்லிய கோடு மங்கும் என்ற பக்கம் அமைப்பவரின் கவலையில் உண்மை இருக்கிறது. அவர் தேர்ந்த மருந்துதான் தவறு. இதே காரணத்தால் தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும் எழுத்துருக்களையும் விலக்க வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ் நல்ல தாளில் அழகாக நிற்கும். ஆனால் நியூஸ்பிரிண்டில் அதன் மெல்லிய பகுதிகள் லைட் எழுத்தின் துன்பத்தையும் தடித்த பகுதிகள் போல்டின் துன்பத்தையும் ஒரே எழுத்துக்குள் கொண்டுவந்துவிடும். கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும் எழுத்துருவே இங்கே பொருத்தம்.

ஆக லைட்டுக்கும் போல்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அதில் ரெகுலருக்கும் மீடியத்துக்கும் இடையிலான வேறுபாடுகூடப் பெரிதுதான். ஆங்கிலச் செய்தித்தாள்கள் இதை எப்போதோ கண்டுகொண்டன. அமெரிக்காவில் பாயிண்டர், மெர்க்குரி போன்ற செய்தித்தாள் எழுத்துருக்கள் ஒரே ரெகுலரை மிக நுண்ணிய வேறுபாடுள்ள பல தரங்களாக வெளியிட்டன. அச்சகம் மையைக் கொஞ்சம் அதிகமாக விட்டால் மெலிந்த தரம், குறைவாக விட்டால் தடித்த தரம். எழுத்தின் அகலம் மாறாததால் வரிகள் நகரவில்லை. அதற்கு முன்பே 1978இல் மேத்யூ கார்ட்டர் அமெரிக்கத் தொலைபேசிக் குறிப்பேட்டுக்காக வரைந்த பெல் சென்டெனியல் எழுத்துருவில், கோடுகள் சந்திக்கும் மூலைகளில் வேண்டுமென்றே வெட்டு வைத்தார். மலிவுத் தாளில் மை பரவி அந்த வெட்டுகளை நிரப்பும். 6 பாயிண்டில் எழுத்து சரியான உருவத்துக்கு வந்து சேரும். பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்த எழுத்துபோல் இருக்கும். தமிழில் அப்படிச் செய்தித்தாளுக்கென்றே தரம் பிரித்த எழுத்துருக் குடும்பம் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் இன்று அதற்கு ஓரளவு ஈடு இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், அனெக் தமிழ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் வேரியபிள் எழுத்துருக்கள். ரெகுலர் 400, மீடியம் 500 என்ற படிகளுக்கு நடுவே 430, 450 என்று எந்த எண்ணையும் வைக்கலாம். சோதனை அச்சில் ரெகுலர் கொஞ்சம் மெலிந்து தெரிந்தால் நேராக மீடியத்துக்குத் தாவ வேண்டியதில்லை. 440 வைத்துப் பார்க்கலாம். ஒரே எச்சரிக்கை, இந்த எண்ணை மாற்றினால் எழுத்தின் அகலமும் சற்று மாறும். ஆகவே பக்கம் முழுவதும் அமைத்து முடித்தபின் கைவைக்கக் கூடாது.

அளவு விஷயத்தில் பாயிண்ட் எண்ணை நம்புவதும் ஆபத்து. பாயிண்ட் என்பது எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியின் உயரம். பெட்டிக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைந்தார்கள் என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். விண்டோஸில் உள்ள லதாவையும் விஜயாவையும் ஒரே 10 பாயிண்டில் வைத்தால் விஜயா தம்பிபோல் நிற்கும். 'பக்கத்து ஊர் மடல் 9 பாயிண்டில் போட்டார்கள், நாமும் போடலாம்' என்று எண்ணை மட்டும் கடன் வாங்கினால் பாதிக் காரியம்தான் ஆகும். அச்சான தாளில் 'ப' எழுத்தின் உயரத்தை மி.மீ. ஸ்கேலால் அளப்பதே ஒப்பிடுவதற்கான வழி. பத்து 'ப'க்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அளக்கத் தேவையில்லை. 40 பாயிண்டில் ஒன்றை அச்சிட்டு அளந்து நாற்பதால் வகுத்து, தேவையான பாயிண்டால் பெருக்கினால் போதும். உடல் எழுத்துக்கு 'ப' உயரம் 1.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது நான் வைக்கும் கீழெல்லை. அதற்கு ஒரு எழுத்துருவில் 9 பாயிண்ட் வேண்டியிருக்கும், இன்னொன்றில் 10.

அடுத்த மறுப்பு பணப்பையிலிருந்து வருகிறது. 8 பாயிண்டை 9 ஆக்கினால் எழுத்து இரண்டு திசையிலும் வளர்கிறது; பரப்பு 27 விழுக்காடு கூடும். எட்டுப் பக்கத்தில் ஆறு பக்கம் எழுத்து என்றால் அது ஏழரைப் பக்கத்தைத் தாண்டிவிடும். டாப்ளாய்ட் தாளில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். ஒன்றரைப் பக்கத்துக்காகப் பன்னிரண்டு பக்கத்துக்குப் பணம் கொடுப்பதா? கேள்வி சரியானது, ஆனால் கணக்கு முழுமையானதில்லை. வரி இடைவெளியையும் அதே விகிதத்தில் கூட்டுவதாக வைத்துக்கொண்டதால் வந்த எண் அது. நம் ஊர் மடல்களில் 8 பாயிண்ட் எழுத்து 12 பாயிண்ட் வரி இடைவெளியில் உட்கார்ந்திருப்பது சாதாரணம், ஏனென்றால் மென்பொருள் தானாகக் கொடுத்ததை யாரும் மாற்றுவதில்லை. 9 பாயிண்டையும் அதே 12இல் வைக்கலாம். மேலே கொம்பும் கீழே 'ழு', 'து' போன்றவற்றின் வாலும் முட்டிக்கொள்ளாமல் இருக்க 9 பாயிண்ட் தமிழுக்கு 12 போதும். 11க்கு இறங்கினால்தான் வால் கீழ்வரிச் சுழியில் இடிக்கத் தொடங்கும். வரி எண்ணிக்கை மாறாததால் கூடுவது அகலம் மட்டும், ஏறக்குறைய 12 விழுக்காடு. ஆறு பக்கம் ஆறே முக்கால் பக்கமாகிறது. மிஞ்சிய முக்கால் பக்கத்தை எங்கே வெட்டுவது என்று மடலை எடுத்துப் பார்த்தால் இடம் தானாகத் தெரியும். ஒரே வாழ்த்தை ஒரே சொற்களில் ஐந்து பிரமுகர்கள் சொல்லியிருப்பார்கள். இதைச் சொல்வது எளிது, நிர்வாகக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதுதான் கடினம் என்பதும் தெரியும்.

அந்த முக்கால் பக்கத்தைச் சேமிக்க எழுத்தை மென்பொருளில் பக்கவாட்டில் 90 விழுக்காட்டுக்கு நசுக்குவது பலர் கையாளும் தந்திரம். வேண்டாம். நசுக்கும்போது துளையும் நசுங்குகிறது, நாம் காப்பாற்ற வந்ததே அதைத்தான். பத்திகளின் எண்ணிக்கையைக் குறைப்பது அதைவிட நல்ல வழி. டாப்ளாய்டில் ஐந்து பத்தி வைத்தால் ஒவ்வொன்றும் 5 செ.மீ. அளவுதான். 'நிர்வாகக்குழுவினருக்கும்' போன்ற ஒரு சொல்லே அதில் பாதி வரியை விழுங்கும்; இருபக்கமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே பள்ளங்கள் விழுந்து இடம் வீணாகும். நான்கு பத்தியாக்கினால் அந்தப் பள்ளங்கள் குறையும்.

மலேசியாவில் கேட்கப்படும் இன்னொரு கேள்வி: அதே மடலில் மலாய்ப் பகுதி 8 பாயிண்டில் தெளிவாக இருக்கிறதே, தமிழுக்கு மட்டும் ஏன் 9? ரூமி எழுத்தில் மிகச் சிறிய துளை 'e'யின் கண்தான். அது அடைபட்டாலும் வாசகர் அதை 'e' என்றே படிப்பார், ஏனென்றால் அந்தத் துளையை மட்டும் நம்பி இன்னொரு எழுத்து காத்திருக்கவில்லை. தமிழில் 'கே'யின் சுழி அடைபட்டால் 'கெ' காத்திருக்கிறது. தவிர, 'ண' ஒன்றுக்குள் இருக்கும் கோடுகளை எண்ணிப் பாருங்கள். ரூமியில் 'm' கூட அவ்வளவு நெருக்கமில்லை. இரண்டு மொழியையும் ஒரே எண்ணில் வைப்பது பார்வைக்குச் சமத்துவம்போல் தோன்றும்; படிப்பவருக்கு அது சமமில்லை. தமிழை 9இலும் மலாயை 8இலும் வைத்தால் இரண்டும் அடுத்தடுத்து ஒரே அளவாகவே கண்ணுக்குப் படும். நாளிதழ்கள் இதைவிடச் சிறிய எழுத்தில் போடுகின்றனவே என்றும் சொல்வார்கள். தமிழ் நேசன் 1924 முதல் 2019 வரை வந்தது, சிங்கப்பூரின் தமிழ் முரசு 1935இலிருந்து வருகிறது. சிறிய எழுத்தை மலிவுத் தாளில் போடுவது இப்பகுதிக்குப் புதிதில்லை. ஆனால் நாளிதழ் ஒரே அச்சகத்தில், ஒரே தாளில், ஒரே எழுத்துருவை நாள்தோறும் ஓட்டுகிறது. நேற்றைய தவறை இன்று திருத்திக்கொள்ள முடியும். வருடத்துக்கு ஒருமுறை போடும் மடலுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அதனால் பாதுகாப்பான பக்கம் சற்றுத் தள்ளியே நிற்க வேண்டும்.

சரியான அளவும் தடிமனும் தேர்ந்த பிறகும் அவற்றைக் கெடுக்கும் இரண்டு விஷயங்கள் கோப்புக்குள் ஒளிந்திருக்கும். ஒன்று போலி போல்ட். மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் ஒரே தடிமனில்தான் வருகின்றன. அதைத் தேர்ந்து B பொத்தானை அழுத்தினால் சில மென்பொருள்கள் தாங்களாகவே கோட்டை எல்லாப் பக்கமும் ஊதிவிடும். உண்மையான போல்டை வரைந்தவர் சுழியைக் கொஞ்சம் பெரிதாக்கித் துளையைக் காத்திருப்பார். போலி போல்டில் அந்தக் கரிசனம் கிடையாது. இன்னொன்று நான்கு வண்ணக் கருப்பு. வேர்டிலோ கேன்வாவிலோ செய்த பக்கம் திரைக்கான வண்ணத்தில் இருக்கும். அதை அச்சுக்கு மாற்றும்போது கருப்பு எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என நான்கு பிளேட்டிலும் விழுந்துவிடும். நான்கும் ஒன்றன்மேல் ஒன்று அச்சொட்டாக விழுந்தால் பரவாயில்லை. ஜொகூரின் ஈரக்காற்றில் திறந்து கிடந்த நியூஸ்பிரிண்ட் விரிந்து நெளிந்திருக்கும். ஈரப்பதம் சேர்ந்த தாளில் பிளேட்டுகள் 0.1 மி.மீ. விலகுவது பெரிய குற்றமே இல்லை. ஆனால் 0.2 மி.மீ. துளைக்கு அது பாதி. துளைக்குள் நீலமும் சிவப்பும் நுழைந்து, எழுத்தைச் சுற்றி நிழல் படர்ந்து, நாம் மேலே போட்ட கணக்கெல்லாம் வீணாகும். அனுப்பும் முன் பிடிஎஃப் கோப்பை அக்ரோபாட் புரோவில் திறந்து Output Preview சாளரத்தில் Black மட்டும் அணைத்துப் பாருங்கள். உடல் எழுத்து முழுவதும் மறைந்தால் நல்லது. சாம்பலாகவோ பழுப்பாகவோ நிழல் மிஞ்சினால் எழுத்து நான்கு பிளேட்டிலும் இருக்கிறது.

அலுவலக லேசர் பிரிண்டரில் எடுத்த புரூஃப் இவை எதையும் காட்டாது. வெள்ளைத் தாள், காய்ந்த டோனர், கசிவே இல்லை. அதனால் லேசரில் நன்றாகத் தெரிந்தது என்பது எழுத்துப்பிழை பார்க்க மட்டுமே சான்று. தடிமனையும் அளவையும் முடிவு செய்ய ஒரே வழி, அதே அச்சகத்தில் அதே தாளில் ஒரு சோதனைத் துண்டு. அதற்குத் தனியாக அச்சு ஓட்டத் தேவையில்லை. வேறொருவரின் நியூஸ்பிரிண்ட் வேலை ஓடும்போது, வெட்டி எறியும் ஓரத்தில் ஒரு சாண் நீளத் துண்டு வைத்துத் தர முடியுமா என்று கேட்டால் பெரும்பாலான அச்சகங்கள் மறுக்காது. துண்டில் 8.5, 9, 9.5 என்று மூன்று அளவும், 400, 440, 500 என்று மூன்று தடிமனும் போதும். அதில் வைக்க வேண்டியது வாக்கியங்கள் இல்லை. வாக்கியத்தில் துளை அடைபட்டாலும் மூளை நிரப்பிக்கொள்ளும். விடு வீடு, கெடு கேடு, கொடு கோடு, எடு ஏடு, மணம் மனம் என்று ஒன்றுக்கொன்று மாறினால் இரண்டும் பொருள் தரும் சொற்களைக் கலைத்துப் போட்டு, மடலில் வேலை செய்யாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். முடிந்தால் வயதானவரிடம், கோயில் மண்டபத்து வெளிச்சத்திலேயே. அவர் தடுமாறும் அளவுகளை அடித்துவிட்டு, தடுமாறாதவற்றில் சிறியதை எடுத்துக்கொள்ளலாம். பிறகு பத்து மடங்கு லென்சில் துண்டைப் பாருங்கள்: சுழிகள் மூடியிருந்தால் தடிமனைக் குறைக்க வேண்டும், கோடுகள் அறுந்திருந்தால் கூட்ட வேண்டும், இரண்டுமே இருந்தால் எழுத்துருவை மாற்ற வேண்டும்.

இந்தச் சோதனை உபயதாரர் பட்டியலுக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அவசியம். வழக்கத்தில் பட்டியல்தான் மடலிலேயே மிகச் சிறிய எழுத்தைப் பெறுகிறது. 'வெறும் பெயர்கள்தானே' என்று 7 பாயிண்ட், அதிலும் மரியாதைக்காகப் போல்ட். உண்மையில் பெயருக்குத்தான் முன்பின் சூழல் கிடையாது. கட்டுரையில் 'வீடு' விடுவாகத் தெரிந்தாலும் வாசகர் சரியாகப் படித்துக்கொள்வார். பட்டியலில் ஒரு பெயரின் முதலெழுத்து 'மீ'யா 'மி'யா, நடுவில் நிற்பது 'ணா'வா 'னா'வா என்பதைச் சொல்ல அந்த எழுத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. பக்கத்தில் 101 ரிங்கிட், 501 ரிங்கிட் என்று தொகையும் நிற்கிறது. ஆகவே பட்டியலைச் சுருக்க வேண்டுமென்றால் எழுத்தைத் தொடாமல், பெயருக்கு முன்னால் திரும்பத் திரும்ப வரும் 'திரு', 'திருமதி', 'குடும்பத்தார்' ஆகியவற்றைத் தலைப்பில் ஒருமுறை போட்டு, தொகை வாரியாகப் பிரித்து, தொகையையும் ஒவ்வொரு வரியிலிருந்து எடுத்துவிடலாம். வரி நீளம் குறைவதால் பட்டியலை ஆறு பத்தியாக வைக்க முடியும். 9 பாயிண்ட் ரெகுலரிலேயே அது பழைய இடத்துக்குள் அடங்கும். மரியாதை காட்ட வேண்டியவர்களுக்கு போல்டுக்குப் பதிலாகப் பெயருக்கு மேலும் கீழும் அரை வரி வெற்றிடம் விடுங்கள்.